வங்கக் கடலுக்குள் எண்டர்பிரைஸ் வந்த வாரம்

கேள்வி: பினாமிப் போர்கள், அணு ஆயுதப் போட்டி, அணிசேரா நாடுகளின் நிலைப்பாடு மூன்றையும் பாடத்தில் தனித்தனியாகப் படித்தேன். பனிப்போர் இவற்றை எப்படி ஒன்றோடொன்று பிணைத்தது?

இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்ட நேரம் ஒன்று உண்டு. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வங்கதேசப் போர். கொரியா, வியட்நாம், அங்கோலா என்று பட்டியல் போடுவதைவிட இந்த ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தால் உங்கள் கேள்விக்குத் தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும். 1954-ல் பாகிஸ்தான் அமெரிக்காவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டில் தென்கிழக்கு ஆசியாவுக்கான சீட்டோ ராணுவக் கூட்டணியிலும், அடுத்த ஆண்டில் மேற்கு ஆசியாவுக்கான பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது கம்யூனிசத்தைத் தடுக்க. பாகிஸ்தான் வாங்கிக்கொண்டது இந்தியாவை மனத்தில் வைத்து. இரண்டு பக்கத்துக்கும் இது தெரியும். 1960 மே முதல் தேதி சோவியத் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானம் பெஷாவரிலிருந்து கிளம்பியது. அமெரிக்காவுக்குக் கிடைத்த பலன் அந்த மாதிரித் தளங்கள். பாகிஸ்தானுக்குக் கிடைத்த பேட்டன் டாங்கிகளும் சேபர் விமானங்களும் 1965-ல் பஞ்சாப் எல்லையில் இறங்கின. பினாமிப் போர் என்றால் பெரிய நாடு கயிற்றை இழுக்க, சின்ன நாடு ஆடும் என்று நாம் கற்பனை செய்கிறோம். நடைமுறையில் சின்ன நாடும் கயிற்றை இழுக்கும். தன் சொந்தப் பகையைப் பனிப்போரின் மொழியில் எழுதிக் கொடுத்துப் பணமும் ஆயுதமும் வாங்கும்.

இந்தியா எடுத்த வழி வேறு. 1955-ல் பாண்டுங், 1961-ல் பெல்கிரேட் என்று அணிசேரா இயக்கம் உருவானபோது நேரு அதன் முக்கிய முகம். ஆனால் 1962 அக்டோபரில் சீனா எல்லை தாண்டியபோது அணிசேரா நண்பர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கியூபா ஏவுகணை நெருக்கடியில் சீனாவின் தயவு தேவைப்பட்ட மாஸ்கோ, முதலில் பெய்ஜிங் பக்கம் சாய்ந்து பேசியது. நவம்பர் 19-ம் தேதி நேரு கென்னடிக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கப் போர் விமானப் படைப்பிரிவுகளைக் கேட்டார். இரண்டே நாளில் சீனா போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது. சோதனையான நேரத்தில் தனியாக நிற்க முடியாது, ஆனால் யாரோடு நிற்பது என்பதை முன்கூட்டி எழுதிக் கொடுக்கவும் கூடாது என்பதுதான் டெல்லி அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். அதே 1962-ல் சோவியத்திடமிருந்து மிக்-21 விமானங்களை, இந்தியாவிலேயே தயாரிக்கும் உரிமையோடு வாங்க ஒப்பந்தம் ஆகியிருந்தது. 1965 போரில் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதத்தை நிறுத்திய பிறகு, சோவியத்தே இந்தியாவின் பெரிய ஆயுத வழி ஆனது. அதற்காக சோவியத் இந்தியாவுக்கு மட்டுமே உரிய நண்பன் என்று நினைத்துவிட வேண்டாம். 1968-ல் அது பாகிஸ்தானுக்கும் ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டது.

இனி 1971. 1970 டிசம்பர் தேர்தலில், இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீக் கட்சி நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை பெற்றது. ஆட்சியை அதன் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமானிடம் கொடுக்க ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானுக்கும் மேற்குப் பாகிஸ்தான் தலைவர் பூட்டோவுக்கும் மனமில்லை. மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் புகுந்து சுட்டது. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்தச் சண்டையின் வேர் மொழி, ஆட்சி உரிமை, கிழக்கு வங்கத்தின் பொருளாதாரச் சுரண்டல் ஆகியவற்றில் இருந்தது. வாஷிங்டனோ மாஸ்கோவோ இதைத் தொடங்கி வைக்கவில்லை.

பிறகு எப்படி இது பனிப்போரின் சண்டை ஆனது? அந்த நேரத்தில் யாஹ்யா கான் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையில் ரகசியத் தூது. 1969-ல் உசூரி ஆற்றங்கரையில் சீனாவும் சோவியத்தும் துப்பாக்கிச் சூடு நடத்திக்கொண்டதிலிருந்து, கம்யூனிச முகாம் உடைந்துவிட்டது என்பது உலகுக்குத் தெரிந்துபோனது. அந்த விரிசலுக்குள் அமெரிக்கா நுழைய விரும்பியது. 1971 ஜூலையில் பாகிஸ்தான் வந்த நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் வயிற்றுக் கோளாறு என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டு, மலைவாசத்தலத்தில் ஓய்வெடுப்பதாகக் காட்டிக்கொண்டு, பாகிஸ்தான் விமானத்தில் பெய்ஜிங் போனார். ஜூலை 15-ம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் அதை அறிவித்தபோது உலகமே திகைத்தது.

டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய சக அதிகாரிகளும் ஏப்ரல் மாதமே, இங்கே நடப்பது இனப்படுகொலை, நம் அரசு வாய்மூடி இருப்பது தார்மீகத் தோல்வி என்று தந்தி அனுப்பியிருந்தார்கள். வெள்ளை மாளிகை அதைக் கண்டுகொள்ளவில்லை, பிளட்டை அந்தப் பதவியிலிருந்து மாற்றியது. உண்மை தெரியாததால் நடந்த தவறு இல்லை இது. தெரிந்தும், பெய்ஜிங் கதவு மூடிவிடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் வங்காளிகள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

டெல்லியிலிருந்து பார்த்தால் ஜூலை மாதம் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1962-ல் சீனாவுக்கு எதிராகக் கைகொடுத்த அமெரிக்கா இனி அப்படி வராது. பாகிஸ்தான், சீனா, அமெரிக்கா மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சீனாவிடம் 1964-லிருந்து அணுகுண்டும் இருக்கிறது. இந்தச் சூழலில்தான் ஆகஸ்ட் 9-ம் தேதி வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிக்கோவும் டெல்லியில் இந்திய சோவியத் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்த ஒப்பந்தத்துக்கான பேச்சு 1969-லேயே தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்த டெல்லி, நிக்சனின் அறிவிப்பு வந்த நான்கு வாரங்களுக்குள் முடித்துவிட்டது.

அணிசேராமை அன்றோடு செத்துவிட்டதா என்று கேட்பவர்கள் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைப் படிக்க வேண்டும். இரு நாடுகளில் ஒன்று தாக்கப்பட்டாலோ தாக்கப்படும் அச்சம் எழுந்தாலோ, உடனே இருவரும் கலந்து ஆலோசிப்பார்கள், அச்சத்தை நீக்கத் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்று இருக்கிறது. ஒருவர் மீது தாக்குதல் என்றால் அது இருவர் மீதும் தாக்குதல் என்று நேட்டோ ஒப்பந்தத்தில் இருப்பதுபோல இதில் இல்லை. இன்னொரு பிரிவில் இந்தியாவின் அணிசேராக் கொள்கையை மதிப்பதாக சோவியத்தே எழுதிக் கொடுத்திருக்கிறது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் 1969-லிருந்து சொல்லிவந்த ஆசியக் கூட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் இந்தியா கடைசிவரை சேரவில்லை. சோவியத்துக்குக் கடற்படைத் தளமும் கொடுக்கவில்லை. ஆக, இந்தியா வாங்கியது ஒரு காப்பீடு. பெய்ஜிங் கையை ஓங்கினால் வடக்கே தன் எல்லையில் சோவியத் படைகள் நிற்பதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு மட்டும்.

அப்படியே கொழும்பையும் பாருங்கள், அணிசேராமை எத்தனை விதமாக இருந்தது என்று புரியும். 1971 ஜனவரியில் இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டது. அதன் பிறகு தன் வான்வழியைப் பாகிஸ்தானுக்கு இந்தியா மூடியது. மேற்கிலிருந்து டாக்காவுக்குப் போகும் பாகிஸ்தான் விமானங்கள் தெற்கே சுற்றி, கொழும்பில் எரிபொருள் நிரப்பிப் போயின. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இதை அனுமதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இளைஞர் இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது அவருக்கு இந்தியா, பாகிஸ்தான், சோவியத், அமெரிக்கா, பிரிட்டன் எல்லோரும் உதவி அனுப்பினார்கள். ஒரு சிறிய நாடு யாரையும் பகைக்காமல் இருந்ததால் கிடைத்த பயன் அது. அந்தப் பயனுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கொழும்பில் எண்ணெய் நிரப்பிய விமானங்கள் எங்கே, எதற்காகப் போய்க்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

டிசம்பர் 3-ம் தேதி மாலை பாகிஸ்தான் விமானப்படை மேற்கு இந்திய விமானத் தளங்களைத் தாக்கியது. போர் முழுமையாக மூண்டது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் போர் நிறுத்தத் தீர்மானம் வந்தபோதெல்லாம் சோவியத் வீட்டோ செய்தது. மொத்தம் மூன்று முறை. இந்தியப் படை டாக்காவை அடைய வேண்டிய நாட்களை அந்த வீட்டோக்கள் வாங்கிக் கொடுத்தன. விஷயம் பொதுச்சபைக்குப் போனது. அங்கே வீட்டோ கிடையாது. டிசம்பர் 7-ம் தேதி, உடனே போரை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 104 நாடுகள், எதிராக 11 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்த 11-ல் இந்தியா, பூட்டான், கியூபா தவிர மற்றவை சோவியத் முகாமைச் சேர்ந்தவை. டிட்டோவின் யூகோஸ்லாவியா, எகிப்து, இந்தோனேசியா, கானா, இலங்கை எல்லாமே அந்த 104-க்குள் இருந்தன. அணிசேரா இயக்கத்தை இந்தியாவோடு சேர்ந்து கட்டியவர்கள், இந்தியாவின் மிகப் பெரிய நெருக்கடியில் எதிரணியில் வாக்களித்தார்கள். காரணம் இருந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்து போக முயன்ற பயாஃப்ராவின் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் பலவற்றுக்குள் பிரிந்து போகத் துடிக்கும் பகுதி ஏதேனும் இருந்தது. வெளியிலிருந்து படை வந்து ஒரு நாட்டைப் பிரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் நாளை தங்கள் தலையிலும் அது விடியும் என்று அஞ்சினார்கள். அணிசேரா நாடுகள் ஒரே முகாமாக இயங்கின என்று எழுதும் பாடப்புத்தகங்கள் இந்த வாக்கெடுப்பைச் சொல்வதில்லை.

இப்போது அணு ஆயுதப் பக்கத்துக்கு வருகிறேன். டிசம்பர் 10-ம் தேதி வியட்நாம் கடற்பகுதியில் இருந்த அமெரிக்க ஏழாவது கடற்படையின் ஒரு பகுதிக்கு வங்கக் கடல் நோக்கிப் போக உத்தரவு வந்தது. தலைமைக் கப்பல் எண்டர்பிரைஸ், அணுசக்தியால் இயங்கும் விமானந்தாங்கி. அப்போது வங்கக் கடலில் இருந்த இந்தியாவின் விக்ராந்த் அதன் எடையில் கால்பங்குகூட இல்லாதது. டாக்காவில் இருக்கும் அமெரிக்கர்களை மீட்க என்று காரணம் சொன்னார்கள். ஆனால் வெளிநாட்டவர் பெரும்பாலோரை 12-ம் தேதி பிரிட்டிஷ் விமானங்களே அழைத்துப் போய்விட்டன. அதே நாட்களில் அமெரிக்கச் சட்டத்தை மீறி, ஜோர்டானிடமிருந்த எஃப்-104 விமானங்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்பவும் வெள்ளை மாளிகை ஏற்பாடு செய்தது. கிசிஞ்சர் நியூயார்க்கில் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைச் சந்தித்து, சீனா எல்லையில் படையை நகர்த்தினால் அமெரிக்கா துணை நிற்கும் என்று உணர்த்தினார்.

டிசம்பர் 12, ஞாயிறு காலை. சீனா அவசரமாகச் சந்திக்க வேண்டும் என்று செய்தி அனுப்பியது. சீனா போரில் இறங்கப்போகிறது என்று கிசிஞ்சர் முடிவுகட்டினார். சீனா இந்தியாவைத் தாக்கினால் சோவியத் சீனாவைத் தாக்கும், அப்போது நாம் சும்மா இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நிக்சனிடம் வாதிட்டார். அப்படியானால் என்ன செய்வது, அணுகுண்டு வீசத் தொடங்குவதா என்று நிக்சன் கேட்டது வெள்ளை மாளிகையின் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அன்று அவர் ஹாட்லைன் வழியாக பிரெஷ்னேவுக்கும் செய்தி அனுப்பினார். சீனர்கள் சொல்ல வந்தது என்ன என்று கேட்டபோதுதான் தெரிந்தது, ஐ.நா.வில் போர் நிறுத்தத்துக்கு ஒத்துக்கொள்வதாகச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். டிசம்பரில் இமயமலைக் கணவாய்கள் பனியில் மூடிக் கிடந்தன. செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் லின் பியாவோ விமான விபத்தில் இறந்த பிறகு சீன ராணுவத் தலைமை குழம்பிப் போயிருந்தது. வடக்கே சோவியத் படைகள். பெய்ஜிங் வருவதற்கான காரணங்களைவிட வராமல் இருப்பதற்கான காரணங்களே அதிகம்.

அமெரிக்காவும் சோவியத்தும் ஒருவரை ஒருவர் அழிக்கும் அளவுக்கு அணு ஆயுதம் வைத்திருந்ததால் நேரடியாக மோதிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் மண்ணில் மோதிக்கொண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது சரிதான், ஆனால் பாதிதான். மற்றவர்கள் மண்ணில் நடக்கும் சண்டையை ‘நம் வாக்குக்கு மதிப்பு இருக்கிறதா’ என்ற சோதனையாக அவர்கள் படிக்க ஆரம்பித்ததும், அந்தச் சண்டையே அணு ஆயுதத்தை நோக்கி ஏறும் படிக்கட்டாக மாறியது. யாருடைய வாக்கும் உண்மையில் சோதிக்கப்படாத இடத்தில்கூட.

மாஸ்கோவும் தன் பங்குக்குக் கவலையோடுதான் இருந்தது. துணை வெளியுறவு அமைச்சர் குஸ்நெட்சோவ் டெல்லிக்கு வந்து, சீக்கிரம் முடியுங்கள், மேற்குப் பாகிஸ்தான் பக்கம் நீட்டாதீர்கள் என்று வற்புறுத்தினார். இந்தியாவிடமிருந்து அந்த உறுதியைப் பெற்று வாஷிங்டனுக்கும் தெரிவித்தது சோவியத். டிசம்பர் 15-ம் தேதி எண்டர்பிரைஸ் வங்கக் கடலுக்குள் நுழைந்தது. 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படைத் தளபதி நியாசி சரணடைந்தார். சுமார் 93,000 பேர் கைதானார்கள். மறுநாள் மேற்கிலும் இந்தியா தானாகவே போர் நிறுத்தம் செய்தது. சோவியத் நீர்மூழ்கிகள் எண்டர்பிரைஸைச் சுற்றிவளைத்துத் திருப்பி அனுப்பின என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம். விளாடிவோஸ்டாக்கிலிருந்து சோவியத் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் கிளம்பியது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வந்து சேர்ந்தது டாக்கா விழுந்த பிறகு. எண்டர்பிரைஸுக்கு முன்னால் நின்றது நேரக் கணக்கு. தரையில் ஜெனரல்கள் அதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

நியாசி கையெழுத்திட்ட அதே டிசம்பர் 16-ம் தேதி, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. அதை முன்வைத்துப் போராடியது இலங்கை. அமெரிக்க விமானந்தாங்கி அந்தக் கடலுக்குள் இருந்தபடி, டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளத்தின் கட்டுமானம் நடந்தபடி அந்தத் தீர்மானம் நிறைவேறியது. அணிசேரா நாடுகளின் கையில் இருந்தது வாக்கு மட்டும்தான். கடல் இல்லை.

எண்டர்பிரைஸ் வந்ததால்தான் இந்தியா குண்டு வெடித்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சீனா 1964-ல் வெடித்ததிலிருந்தே அந்த விவாதம் நடந்தது. சாஸ்திரி வெளிநாட்டு அணு உத்தரவாதம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார். 1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட இந்தியா மறுத்தது. வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்பது அதன் சாரம். 1971 செய்தது, விவாதத்தில் தயங்கியவர்களின் வாயை அடைத்தது. 1974 மே 18 பொக்ரான் வெடிப்புக்கான புளூட்டோனியம் டிராம்பேயில் உள்ள சைரஸ் உலையிலிருந்து வந்தது. உலை கனடா கொடுத்தது, கனநீர் அமெரிக்கா கொடுத்தது, அமைதிப் பயன்பாட்டுக்கு என்ற வாக்கின் பேரில், 1950-களில். இந்தியாவைத் தங்கள் பக்கம் ஈர்க்க அணுசக்தியைப் பரிசாகக் கொடுத்த காலம் அது. ‘அமைதி நோக்கிலான அணு வெடிப்பு’ என்று இந்தியா விளக்கியதும் கனடா உதவியை நிறுத்தியது. அணுப் பொருள் வழங்கும் நாடுகள் தனிக் குழு அமைத்துக் கதவை அடைத்தன. அந்தக் குழுவில் நம் நண்பன் சோவியத்தும் இருந்தது. கனடாவின் கை இல்லாமல் நாமே கட்டிய கல்பாக்கத்தின் முதல் உலை 1983-ல்தான் இயங்கத் தொடங்கியது.

பாதி நாட்டை இழந்த பாகிஸ்தானின் முடிவு இன்னும் வேகமானது. டாக்கா விழுந்து ஆறு வாரம்கூட ஆகாத 1972 ஜனவரியில், முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி அணுகுண்டு வேண்டும் என்றார் பூட்டோ. சீட்டோவும் அமெரிக்க ஒப்பந்தமும் கையில் இருந்தும் நாடு உடைந்ததே என்பது அவர் கேட்ட கேள்வி. கூட்டணியில் சேர்ந்த நாடும், சேராத நாடும், ஒரே போரிலிருந்து ஒரே முடிவுக்கு வந்தன.

அந்தக் குண்டைக் காப்பாற்றியது இன்னொரு பினாமிப் போர். கஹூட்டாவில் யுரேனியம் செறிவூட்டப்படுவது தெரிந்து 1979 ஏப்ரலில் கார்ட்டர் அரசு பாகிஸ்தானுக்கு உதவியை நிறுத்தியது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் இறங்கியதும் எல்லாம் மாறியது. முஜாகிதீன்களுக்கு ஆயுதம் போக வேண்டிய பாதை பாகிஸ்தான். 40 கோடி டாலர் கொடுக்க முன்வந்தார் கார்ட்டர். அது வேர்க்கடலை என்று தள்ளினார் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா. 1981-ல் ரீகன் 320 கோடி டாலரும், 40 எஃப்-16 விமானங்களை வாங்கும் அனுமதியும் கொடுத்தார். பாகிஸ்தானிடம் அணு ஆயுதம் இல்லை என்று ஆண்டுதோறும் அமெரிக்க அதிபர் சான்றளிக்க வேண்டும் என 1985-ல் சட்டம் வந்தது. சான்றும் ஆண்டுதோறும் வந்தது.

1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் பொதுச்சபையில் வந்தபோது ஆதரவு மறுபடியும் 104. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அணிசேரா நாடு ஒன்றின் மீது நடந்த படையெடுப்பை, அணிசேரா இயக்கத்தை உருவாக்கிய நாடு கண்டிக்கவில்லை. 1971-ல் பெற்ற மூன்று வீட்டோக்களுக்கான கணக்கு அங்கே நேர் செய்யப்பட்டது. மிக்-21 உதிரி பாகங்களும் ரூபாயில் கச்சா எண்ணெயும் வரும் இடத்தை டெல்லி பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. இந்த மௌனத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. காபூலிலும் டாக்காவிலும் செத்தவர்கள் ஒரே மாதிரி மனிதர்கள்தான்.

1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் படைவீரர் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பினார். 1990 அக்டோபரில் அதே சான்றில் கையெழுத்திட அதிபர் புஷ் மறுத்துவிட்டார், உதவி நின்றது. அதற்குள் பாகிஸ்தானால் குண்டு செய்ய முடியும் என்ற நிலை வந்துவிட்டிருந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1998 மே மாதத்தில், இரு நாடுகளும் அடுத்தடுத்து வெடித்துக் காட்டின. அப்போது சோவியத் யூனியன் இல்லாமல் போய் ஏழாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.